காசு கட்டிப் படித்தால் அந்தக் காசு திரும்பி வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கியில் கல்விக் கடன் பக்கம் உட்கார்ந்திருப்பதால், மே, ஜூன் வந்தால் கூடவே இந்தக் கேள்விகளும் வந்துவிடும். கடன் கேட்டு வருபவர்கள் பாதி, சொந்தக்காரப் பிள்ளைகள் பாதி. பெரும்பாலும் வேலையில் இருந்துகொண்டே முழுநேர எம்.பி.ஏ. போகலாமா என்று யோசிப்பவர்கள். அதனால் அந்த ஒரு உதாரணத்தையே கடைசி வரை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் படிப்பு வேறாக இருந்தால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆளை இப்படி வைத்துக்கொள்வோம். வயது 26, சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, கையில் மாதம் 42,000 ரூபாய். பார்த்து வைத்திருப்பது ஒரு தனியார் கல்லூரியின் இரண்டு வருட எம்.பி.ஏ. எண்களெல்லாம் கணக்குக்காக நான் வைத்தவை.

ஃபீஸ் 12 லட்சம் சார். அவ்வளவுதானே செலவு?

இல்லை. பெரிய செலவுகளில் ஒன்று எந்த ரசீதிலும் வராது. வேலையை விடுவதால் வராமல் போகும் சம்பளம்தான் அது. மாதம் 42,000 என்றால் முதல் வருடம் 5.04 லட்சம் போச்சு. வேலையிலேயே இருந்திருந்தால் 8 சதவீதமாவது ஏற்றியிருப்பார்கள் என்று வைத்தால், இரண்டாம் வருடம் 5.44 லட்சம். ஆக 10.5 லட்சம்.

ஃபீஸ் 12 லட்சம், ஹாஸ்டல் வகையில் கூடுதலாக 1.5 லட்சம், லேப்டாப், போக்குவரத்து, கோட்டு சூட்டு என்று 50,000. இதோடு சம்பளத்தையும் சேர்த்தால் 24.5 லட்சம். கல்லூரி சொல்வது பன்னிரண்டு, உங்களுக்கு ஆவது அதைப் போல இரண்டு மடங்கு.

ஹாஸ்டல் ஃபீஸ் வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் போட்டிருக்கான். நீங்க மொத்தத்துக்கே ஒன்றரைதான் சொல்றீங்க?

இப்போதும் வாடகை கொடுக்கிறீர்கள், மெஸ்ஸில் சாப்பிடுகிறீர்கள். படிக்காவிட்டாலும் அந்தச் செலவு இருக்கத்தான் செய்யும். அதைக் கழித்துவிட்டு, படிப்பதால் கூடும் தொகையை மட்டும்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்பா அம்மா வீட்டில் செலவில்லாமல் இருப்பவருக்கு முழு ஹாஸ்டல் செலவும் கணக்கில் வரும்.

பேக்கேஜ் 11 லட்சம்னு சொல்றாங்க. மாசம் 92 ஆயிரம் கைக்கு வருமா?

வராது. 11 லட்சம் என்பது கம்பெனிக்கு உங்களால் ஆகும் மொத்தச் செலவு, அதாவது சி.டி.சி. அதில் வேரியபிள் 1.5 லட்சம் இருக்கலாம். கம்பெனியும் நீங்களும் நன்றாகச் செய்தால்தான் அது முழுசாக வரும். கம்பெனி பங்கு பி.எஃப். 53,000, கிராஜுவிட்டி 21,000, இன்ஷூரன்ஸ் 16,000 போனால் 8.6 லட்சம். உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 53,000 போனால் மாதம் 67,000 சுமார். வேரியபிளில் பாதி கிடைக்கும் என்று பார்த்தாலும் 73,000. நான் 70,000 என்று வைக்கிறேன்.

2025-26-ல் புதிய வரி முறையில் 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. அதனால் இந்த உதாரணத்தில் வரி குறுக்கே வரவில்லை. பேக்கேஜ் 18, 20 லட்சம் என்றால் வரியையும் கழித்துத்தான் பேச வேண்டும். பி.எஃப். உங்கள் காசுதான், ஆனால் பழைய வேலையிலும் அது இருந்தது. ஒரு பக்கம் சேர்த்தால் இரு பக்கமும் சேருங்கள். ஆஃபர் லெட்டரில் ஜாயினிங் போனஸ் இருந்தால், அது ஒரே முறை வருவது. அதை மாதச் சம்பளத்தோடு கலக்க வேண்டாம்.

இப்ப 42 ஆயிரம், படிச்சா 70 ஆயிரம். அப்ப மாசம் 28 ஆயிரம் லாபம்தானே?

படித்து முடிக்கும் நாளில் நீங்கள் பழைய வேலையில் இருந்திருந்தால் 42-லேயே நின்றிருப்பீர்களா? 8 சதவீதம் வீதம் இரண்டு வருடத்தில் 49,000 ஆகியிருக்கும். 70-ஐ அந்த 49-ஓடுதான் ஒப்பிட வேண்டும். வித்தியாசம் மாதம் 21,000, வருடத்துக்கு 2.52 லட்சம்.

ஐ.டி.யில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்த இரண்டு வருடத்தில் கம்பெனி மாறியிருந்தால் ஒரே தாவலில் 30 சதவீதம்கூடக் கூடியிருக்கலாம். அப்படி வாய்ப்பு இருப்பவருக்கு 21,000 என்ற வித்தியாசம் பாதியாகச் சுருங்கிவிடும். எம்.பி.ஏ.வுக்கு எதிரில் நிறுத்த வேண்டியது இன்றைய சம்பளத்தை அல்ல, அடுத்த இன்டர்வியூவில் கிடைக்கக்கூடிய சம்பளத்தை.

அப்ப எத்தனை வருஷத்துல போட்ட காசு திரும்பும்?

இரண்டு சம்பளமும் வருடம் 8 சதவீதம் ஏறினால் வித்தியாசமும் அதே வேகத்தில் ஏறும்: முதல் வருடம் 2.52 லட்சம், அடுத்தது 2.72, அதற்கடுத்தது 2.94. இப்படிக் கூட்டிக்கொண்டே போனால், படிப்பு முடிந்து ஏழரை வருடத்தில் 24.5 லட்சம் வந்துவிடும். அப்போது உங்களுக்கு 35, 36 வயது.

ஆனால் இந்தக் கணக்கு வட்டியைப் பார்க்காத கணக்கு. இன்று கொடுக்கும் ஒரு ரூபாயும் பத்து வருடம் கழித்து வரும் ஒரு ரூபாயும் ஒன்றில்லை. 10 சதவீத வட்டியில் பார்த்தால் ஏழரை வருடம் பன்னிரண்டரை வருடம் ஆகிறது. வயது 40-ஐத் தாண்டிவிடும்.

நான் கடன் வாங்கல. அப்பா எஃப்.டி.யை உடைச்சுக் கட்டுறாரு. எனக்கு எதுக்கு வட்டிக் கணக்கு?

அந்த எஃப்.டி. சும்மா இருந்தால் 7 சதவீதம் ஈட்டியிருக்கும். அதை இழக்கிறீர்கள். அதனால் 10-க்குப் பதில் 7 என்று போடுங்கள். அப்படிப் போட்டால் பன்னிரண்டரை வருடம் பத்து வருடமும் கொஞ்சமும் ஆகக் குறையும். வட்டியே இல்லை என்று மட்டும் போடக் கூடாது.

இதை எக்ஸெல்ல எப்படிப் போடுறது?

B1-ல் முதல் வருடச் செலவு (ஃபீஸ் 6 லட்சம், கூடுதல் செலவு 1 லட்சம், இழந்த சம்பளம் 5.04 லட்சம்) மைனஸில். B2-ல் இரண்டாம் வருடம். B3-ல் இருந்து சம்பள வித்தியாசம். எல்லாம் லட்சத்தில்.

```
B1: -12.04
B2: -12.44
B3: 2.52
B4: =B3*1.08
C1: =NPV(10%,$B$1:B1)
```

B4-ஐயும் C1-ஐயும் 25-வது வரிசை வரை கீழே இழுங்கள். C-யில் எண் முதலில் மைனஸில் ஆழமாக இறங்கும், அப்புறம் மெதுவாக ஏறும். எந்த வரிசையில் பிளஸ் ஆகிறதோ, அந்த வருடம்தான் போட்டது திரும்பும் வருடம். இந்த எண்களுக்கு அது 15-வது வரிசை, அதாவது படிப்பின் இரண்டு வருடத்தையும் சேர்த்து 15-வது வருடம். C-யில் பிளஸே வரவில்லை என்றால் முதலில் B1, B2-வில் மைனஸ் போட்டிருக்கிறீர்களா, B3 வருடக் கணக்கா மாதக் கணக்கா என்று பாருங்கள். 2.52-க்குப் பதில் 0.21 போட்டுவிட்டு, ‘ஐயோ நஷ்டம்’ என்று வருபவர்கள் உண்டு.

70 ஆயிரம் இல்லாம கொஞ்சம் முன்ன பின்ன வந்தா என்ன ஆகும்?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். செலவு ஏறக்குறைய உறுதியான எண். வரப்போகும் சம்பளம் ஊகம். அந்த ஊகம் கொஞ்சம் தவறினாலும் விடை எங்கேயோ போய்விடும்.

கையில் 85,000 வந்தால் வித்தியாசம் மாதம் 36,000. 10 சதவீத வட்டியிலும் ஏழு வருடத்தில் காசு திரும்பிவிடும். 70,000 என்றால் பன்னிரண்டரை வருடம் என்று மேலே பார்த்தோம். 60,000 மட்டும் வந்தால் வித்தியாசம் 11,000 ஆகச் சுருங்கி, திரும்ப 27 வருடம் ஆகும். சம்பளம் குறைந்தது பத்தாயிரம்தான், ஏழில் ஒரு பங்கு. ஆனால் அந்தப் பத்தாயிரம் முழுக்க வித்தியாசத்திலிருந்துதான் போகிறது. அதனால்தான் காலம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது.

படிப்பு முடிந்து ஆறு மாதம் வேலை கிடைக்காமல் இருந்தால், பழைய வேலையில் வந்திருக்கக்கூடிய 49,000 வீதம் 2.94 லட்சம் செலவுப் பக்கம் ஏறும். ஆகவே ஒரே ஒரு சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நல்லது, சுமார், மோசம் என்று மூன்று போடுங்கள். மோசமான கணக்கு வந்தாலும் குடும்பம் தாங்குமா என்று பாருங்கள்.

நூறு சதவீதம் பிளேஸ்மெண்ட், ஆவரேஜ் 11 லட்சம்னு பிரோஷர்ல இருக்கு. நம்பலாமா?

இரண்டு எண்களையும் தனித்தனியாக உரித்துப் பார்க்க வேண்டும். நூறு சதவீதம் என்பது எத்தனை பேரில்? சேர்ந்தது 120 பேர். அதில் அரியர் இருப்பவர்கள், சொந்தத் தொழில் என்று எழுதிக் கொடுத்தவர்கள், கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவர்கள் போக 80 பேர் பதிவு செய்து, 80 பேருக்கும் வேலை கிடைத்திருந்தால் அதையும் நூறு சதவீதம் என்றுதான் அச்சடிப்பார்கள். உங்கள் கணக்குக்கு அது 120-க்கு 80.

ஆவரேஜ் என்பதில் இரண்டு பேருக்கு 35 லட்சம் கிடைத்தால் மொத்தமும் மேலே இழுக்கப்படும். எல்லோரையும் சம்பள வரிசையில் நிற்க வைத்தால் நடுவில் நிற்பவர் வாங்குவதுதான் மீடியன். அதைக் கேளுங்கள். கேட்டுச் சொல்லாவிட்டால் தேடி எடுக்க ஒரு வழி இருக்கிறது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் ஒரு தகவல் தாளைக் கொடுக்க வேண்டும். அதைத் தங்கள் இணையதளத்திலும் போட்டு வைத்திருப்பார்கள், பெரும்பாலும் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில். அதில் முதுநிலைப் படிப்புக்கான அட்டவணையைப் பாருங்கள். முதலாண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, அவர்களின் மீடியன் சம்பளம், மேற்படிப்புக்கு எத்தனை பேர் என்று ஒரே வரிசையில் வருடவாரியாக இருக்கும். ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் மூன்று வருடத்தையும் பாருங்கள்.

பிரோஷரில் ஆவரேஜ் 11, தாளில் மீடியன் 7.5 என்று இருந்தால் இரண்டும் பொய்யில்லை. ஆனால் நீங்கள் 7.5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் சி.டி.சி.யைக் கைச் சம்பளமாக மாற்ற மறக்க வேண்டாம். அதோடு நிற்காமல், போன வருடம் முடித்த ஒருவரை லிங்க்ட்இன்னில் பிடித்து, வகுப்பில் கடைசி இருபது பேருக்கு என்ன ஆச்சு என்று கேளுங்கள். முதல் இருபது பேரைப் பற்றிக் கல்லூரியே சொல்லிவிடும்.

அந்தக் காலேஜ்ல படிச்ச என் சீனியர் 20 லட்சம் வாங்குறாரு. அப்ப எனக்கும் வரும்ல?

அவருக்கு வந்தது கல்லூரியால் எவ்வளவு, அவரால் எவ்வளவு? நல்ல மதிப்பெண், சரளமான ஆங்கிலம், ஐந்து வருட சேல்ஸ் அனுபவம் இருக்கும் ஒருவர் படிக்காமலேயே 14 லட்சத்துக்குப் போயிருக்கலாம். அப்படியானால் படிப்பு கொடுத்தது ஆறுதான். உங்களைப் போலவே மதிப்பெண்ணும் அனுபவமும் உள்ளவர்களில் படிக்கப் போனவர் ஒருவர், போகாதவர் ஒருவர் என்று எடுத்து, இன்று இருவரும் என்ன வாங்குகிறார்கள் என்று பாருங்கள். கல்லூரி செட்டில் இப்படி இரண்டு பேர் கிடைக்காமல் போக மாட்டார்கள்.

கடன் வாங்கினா இ.எம்.ஐ. எவ்வளவு வரும்? கட்ட முடியுமா?

ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 6 லட்சம் வீதம் 12 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம். படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்துக்குத் தனி வட்டிதான். முதல் 6 லட்சத்துக்கு மூன்று வருடம், இரண்டாவதற்கு இரண்டு வருடம். மொத்தம் 3 லட்சம். தவணை தொடங்கும்போது கடன் 15 லட்சமாகியிருக்கும். பத்து வருடத்தில் அடைக்க:

```
=PMT(10%/12,120,-1500000)
```

மாதம் சுமார் 19,800 வரும். அந்த நேரத்தில் படித்ததால் கூடுதலாகக் கிடைப்பது மாதம் 22,700 சுமார். அதாவது கூடுதல் சம்பளம் கிட்டத்தட்ட முழுசும் வங்கிக்குப் போகும். கட்ட முடியாது என்றில்லை, ஆனால் முதல் சில வருடங்களுக்குப் படித்த சுகம் வீட்டுக்குத் தெரியாது. முடிந்தால் படிக்கும்போதே தொடங்கி, தவணை ஆரம்பிக்கும் வரை மாதாமாதம் வட்டியை மட்டுமாவது கட்டிவிடுங்கள், கடன் 12 லட்சத்திலேயே நிற்கும். 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாக அடமானம் கேட்பார்கள் என்பதால், வீட்டுப் பத்திரத்தைப் பற்றி அப்பாவிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

அப்ப அந்த 24.5 லட்சத்தோட கடன் வட்டியையும் கூட்டணுமா?

கூடாது. எக்ஸெல்லில் 10 சதவீதம் என்று போட்டபோதே வட்டி உள்ளே வந்துவிட்டது. மறுபடி கூட்டினால் ஒரே வட்டியை இரண்டு முறை கட்டிய மாதிரி ஆகும். லாபமா நஷ்டமா என்று பார்க்க எக்ஸெல் கணக்கு. மாதாமாதம் சமாளிக்க முடியுமா என்று பார்க்க இ.எம்.ஐ. கணக்கு. இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கல்விக் கடன் வட்டிக்கு வரிச்சலுகை இருக்கே, அதைக் கழிக்கலாமே?

80E பிரிவில் வட்டிக்கு மட்டும், எட்டு வருடம் வரை கழிவு உண்டு. ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். நம் உதாரணத்தில் புதிய முறையில் வரியே இல்லை என்று மேலே பார்த்தோம். கட்டாத வரியில் என்ன சலுகை?

வேலையை விடாம சனி, ஞாயிறு கிளாஸ் இல்லன்னா ஆன்லைன் எம்.பி.ஏ. பண்ணா?

செலவுப் பக்கம் அடியோடு மாறும். சம்பள இழப்பு இல்லை. 2 லட்சம் ஃபீஸ், படித்ததால் மாதம் 5,000 கூடியது என்றால்கூட மூன்றரை வருடத்துக்குள் போட்டது வந்துவிடும். கம்பெனியிலேயே பதவி உயர்வுக்கு ஒரு முதுநிலைப் பட்டம் வேண்டும், அது இல்லாமல் நிற்கிறீர்கள் என்றால் இதுதான் மலிவான வழி.

ஆனால் முழுநேரப் படிப்பில் சம்பளம் கூடுவதற்குப் பெரிய காரணம் கேம்பஸ் இன்டர்வியூ. இதில் பெரும்பாலும் அது இருக்காது. அதனால் வித்தியாசம் பூஜ்யமாகவும் இருக்கலாம். சேருமுன் உங்கள் ஹெச்.ஆரிடம் போய், இந்தப் பட்டத்தை எந்தப் பதவிக்குக் கணக்கில் எடுப்பீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தப் படிப்புக்கு, நீங்கள் சேரும் வருடத்துக்கு, யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு அனுமதி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். போன வருடம் இருந்தது என்பது போதாது.

ஆறு மாச டேட்டா சயின்ஸ் கோர்ஸ், 2.5 லட்சம். வேலை கேரண்டி, நோ காஸ்ட் இ.எம்.ஐ.ங்கறாங்க. சேரலாமா?

கையெழுத்துப் போடும் தாளில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பயிற்சி நிறுவனத்தோடு கூட ஒரு நிதி நிறுவனத்தின் பெயரும் இருக்கும். அப்படியென்றால் நீங்கள் வாங்குவது கடன். நிறுவனம் மொத்த ஃபீஸையும் வாங்கிக்கொண்டுவிடும். இரண்டாம் மாதம் வகுப்பு பிடிக்காமல் நின்றாலும் தவணை நிற்காது, கட்டாவிட்டால் சிபில் மதிப்பெண் அடிவாங்கும்.

கேரண்டிக்கு நிபந்தனைகள் இருக்கும்: இத்தனை சதவீத வருகை, எல்லா அசைன்மெண்டும், இந்தியாவில் எந்த ஊருக்கும் போகச் சம்மதம், முதலில் வரும் ஆஃபரை ஏற்க வேண்டும். அந்த முதல் ஆஃபர் உங்கள் இப்போதைய சம்பளத்தைவிடக் குறைவாக இருந்தாலும் அவர்கள் வாக்கைக் காப்பாற்றியதாகத்தான் ஆகும். குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு என்று அந்தத் தாளில் எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதியிருந்தால் ‘மோசம்’ கணக்கில் அந்த எண்ணைப் போடுங்கள். எழுதவில்லையென்றால் இன்றைய சம்பளத்தையே போடுங்கள்.

எனக்கு 38 வயசு. இப்பப் போனா லேட்டா?

சம்பளம் ஏறியிருப்பதால் இழப்பும் ஏறியிருக்கும். கையில் 90,000 என்றால் இரண்டு வருட இழப்பே 22 லட்சத்தைத் தாண்டும். கேம்பஸுக்கு வரும் கம்பெனிகள் பெரும்பாலும் தேடுவது சில வருட அனுபவமுள்ள இளைஞர்களைத்தான். இரண்டு வருட முழுநேரப் படிப்பு இந்த வயதில் கணக்கில் தேறுவது அரிது. ஒரு வருடப் படிப்பையோ, மேலே சொன்ன வார இறுதி வழியையோ பாருங்கள்.

எல்லாம் சரி அண்ணா. அப்ப எவ்வளவு ஃபீஸ் வரைக்கும் குடுக்கலாம்?

கணக்கைத் திருப்பிப் போடலாம். படிப்பு முடிந்து எட்டு வருடத்துக்குள் போட்டது திரும்ப வேண்டும் என்று ஒரு வரம்பு வைப்போம். மாதம் 21,000 வித்தியாசம், வருடம் 8 சதவீத ஏற்றம், 10 சதவீத வட்டி. எட்டு வருடக் கூடுதல் வருமானத்தின் இன்றைய மதிப்பு 14.2 லட்சம். அதில் இழந்த சம்பளத்துக்கு 9.1 லட்சம், ஹாஸ்டல் வகையறாவுக்கு 1.7 லட்சம் போனால், ஃபீஸுக்கு மிஞ்சுவது 3.4 லட்சம். அதை இரண்டு வருடத் தவணையாக விரித்தால் மொத்தம் 3.9 லட்சம் சுமார்.

அதாவது மாதம் 70,000 தரும் எம்.பி.ஏ.வுக்கு இந்த 26 வயதுக்காரர் நான்கு லட்சம் வரை கொடுக்கலாம், பன்னிரண்டு லட்சம் கொடுக்க வேண்டுமென்றால் அது இன்னும் அதிகச் சம்பளம் தரும் கல்லூரியாக இருக்க வேண்டும். டான்செட் எழுதிக் கிடைக்கும் அரசுக் கல்லூரி எம்.பி.ஏ.வின் ஃபீஸ் இந்த நான்கு லட்சத்துக்குள் அடங்கிவிடும். அந்தக் கல்லூரியின் தாளிலும் மீடியனைப் பார்த்துவிட்டு, B3-ல் அந்த எண்ணைப் போட்டு இன்னொரு முறை கீழே இழுத்துப் பாருங்கள்.